48 டன் ஷீட்டுக்கு 32 ஒப்பந்தம்: குலசேகரம் ரப்பர் இருப்பு ஒன்றின் ஹெட்ஜ் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குலசேகரம், திருவட்டார், அருமனை, மார்த்தாண்டம் வட்டாரத்தில், ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரியின் சிக்கல் எளிமையானது. சிறு தோட்டக்காரர் கொண்டுவரும் ஷீட்டை அன்றைய விலைக்குப் பணம் கொடுத்து வாங்குகிறார். சரக்கு சேர்ந்து, உலர்ந்து, தரம் பிரித்து லாரி ஏற இரண்டு வாரமாவது ஆகிறது. விற்பனை விலை லாரி ஏறும் அன்றுதான் முடிவாகிறது. அந்த இரண்டு வாரத்தில் கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினால், கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசத்தில் நடக்கும் தொழிலில் பல மாத லாபம் போய்விடும்.

இதற்கு எம்சிஎக்ஸ் என்ற பொருள் வணிகச் சந்தையில், பின்னொரு தேதிக்கான விலையை இன்றே முடிவு செய்துகொள்ளும் ரப்பர் முன்பேர ஒப்பந்தம் இருக்கிறது. ஆர்எஸ்எஸ் 4 தர ஷீட், ஓர் ஒப்பந்தத்துக்கு 1 டன், விலை 100 கிலோவுக்குச் சொல்லப்படும், டெலிவரி மையம் பாலக்காடு. கையில் சரக்கு வைத்திருப்பவர் அதே அளவு ஒப்பந்தத்தை விற்று வைத்தால், சரக்கில் வரும் நஷ்டத்தை ஒப்பந்தத்தில் வரும் லாபம் ஈடுகட்டும் என்பதுதான் ஹெட்ஜின் அடிப்படை. கேள்வி "அதே அளவு" என்ற இடத்தில்தான் இருக்கிறது. 48 டன் சரக்குக்கு 48 ஒப்பந்தம் விற்பது சரியா? பெரும்பாலும் இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழிதான் குறைந்தபட்ச மாறுபாட்டு ஹெட்ஜ் விகிதம். கீழே ஓர் இருப்பை எடுத்துக்கொண்டு அதை முழுதாகப் போட்டுப் பார்க்கிறோம். விலைகளும் விலை மாற்றங்களும் கணக்கு தெளிவாகத் தெரிவதற்காக அமைத்தவை. எந்த ஆண்டின் சந்தைப் பதிவும் அல்ல.

முதலில் அளவு: கிடங்கில் இருப்பது எல்லாம் விலை அபாயத்தில் இல்லை

கிடங்கில் 63 டன் ஷீட் இருக்கிறது. அதில் 14 டன்னுக்கு ஒரு வாங்குபவரிடம் விலை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. சரக்கு போகவேண்டியதுதான் பாக்கி. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்த 14 டன்னின் பணம் மாறாது. அதற்கும் சேர்த்து ஒப்பந்தம் விற்றால் அது ஹெட்ஜ் அல்ல, விலை இறங்கும் என்று வைக்கும் பந்தயம். மீதி 49 டன். புகைக்கூட்டிலிருந்து சற்று முன்னதாக எடுத்த ஷீட்டில் ஈரம் இருக்கும். லாரி ஏறும்போது எடை குறையும். இந்த இருப்பில் அதற்கு 1 டன் கழித்திருக்கிறோம். ஆக, விலை அபாயத்தில் இருப்பது 48 டன்.

சிரட்டையில் உறைந்து கிடைக்கும் ஒட்டுப்பால் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் விலை வேறு வாங்குபவர்களிடம், வேறு வேகத்தில் அசைகிறது. உலர் ரப்பர் அளவும் சரக்குக்குச் சரக்கு மாறும். அதற்குத் தனியாக ஒரு விகிதம் கணக்கிட வேண்டும். ஷீட்டின் விகிதத்தை அதற்குப் போட்டால் தவறான எண்தான் வரும்.

சரக்கும் ஒப்பந்தமும் ஒரே பொருள் அல்ல

ஒப்பந்தத்தின் பொருள் ஆர்எஸ்எஸ் 4, இடம் பாலக்காடு. கிடங்கில் இருப்பது பெரும்பாலும் ஆர்எஸ்எஸ் 5, கொஞ்சம் தரம் பிரிக்காதது, இடம் குலசேகரம். ஒரு பொருளின் அபாயத்தை வேறொரு பொருளின் ஒப்பந்தத்தால் ஈடுகட்டுவதால் இதைக் குறுக்கு ஹெட்ஜ் என்கிறார்கள். இரண்டு விலைகளும் ஒன்றாகத்தான் அசையும், ஆனால் ஒரே அளவில் அசையாது. முன்பேர விலை வெளிநாட்டு ரப்பர் சந்தை, கச்சா எண்ணெய், ரூபாய் மதிப்பு எல்லாவற்றுக்கும் அன்றன்றே பதில் சொல்லும். உள்ளூர் விலையோ டயர் கம்பெனி வாங்குகிறதா இல்லையா, மழையில் பால்வெட்டு நின்றதா, பக்கத்துக் கடைக்காரர் என்ன விலை எழுதுகிறார் என்பதையெல்லாம் பார்த்து மெதுவாக நகரும். ஒப்பந்த விலை 10 ரூபாய் இறங்கும்போது இங்கே சராசரியாக 7 ரூபாய்தான் இறங்குகிறது என்றால், கிலோவுக்குக் கிலோ ஒப்பந்தம் விற்பவர் தேவைக்கு மேல் விற்றவர் ஆகிறார்.

அந்த "சராசரியாக எத்தனை" என்பதே விகிதம். சூத்திரம் இது:

```
h = Cov(ΔS, ΔF) / Var(ΔF) = ρ × σS / σF
N = h × QA / QF
```

h என்பது விகிதம், N விற்கவேண்டிய ஒப்பந்த எண்ணிக்கை. ΔS என்பது நம் சரக்கின் விலை மாற்றம், ΔF ஒப்பந்த விலை மாற்றம். Cov இரண்டு மாற்றங்களின் இணை மாறுபாடு, Var மாறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம். ρ இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு ஒன்றாக அசைகின்றன என்ற அளவு. σS, σF அவற்றின் திட்ட விலக்கங்கள், அதாவது மாற்றங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு. QA நம் சரக்கின் அளவு, QF ஓர் ஒப்பந்தத்தின் அளவு. சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதும் கடினமில்லை. ஒரு கிலோ சரக்குக்கு h கிலோ ஒப்பந்தம் விற்றால் நம் கையில் மிஞ்சும் மாற்றம் ΔS − hΔF. அதன் மாறுபாடு σS² + h²σF² − 2hρσSσF. இது h-இல் ஒரு கிண்ண வடிவ வளைகோடு. அதன் அடிப்பகுதி எங்கே என்று பார்த்தால் மேலே உள்ள h கிடைக்கும். இந்த வளைகோடு அடியில் எவ்வளவு தட்டை என்பது பின்னால் முக்கியமாக வரும்.

எந்த விலையை எடுப்பது

கணக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல, அதற்குள் போகும் விலைப் பட்டியலில்.

ΔS-க்கு ரப்பர் வாரியம் அன்றாடம் வெளியிடும் கோட்டயம் ஆர்எஸ்எஸ் 4 விலையை எடுப்பது சுலபம். ஆனால் அந்த விலைக்கு இந்தச் சரக்கு விற்பதில்லை. ஒப்பந்தமும் அதே ஆர்எஸ்எஸ் 4 விலையை ஒட்டித்தான் நடக்கிறது என்பதால், இரண்டையும் ஒப்பிட்டால் ஒட்டுறவு மிக உயர்வாகத் தெரியும். ஹெட்ஜ் உண்மையில் தருவதைவிட அதிகப் பாதுகாப்பு இருப்பதுபோல ஒரு மயக்கம் வரும். எடுக்கவேண்டியது வியாபாரியின் விற்பனைப் பேரேட்டில் உள்ள விலை, விலை பேசி முடிந்த தேதிப்படி. லாரி போன தேதியோ, பணம் வந்த தேதியோ அல்ல. இந்தத் தேதிப் பிழை ஒன்றே விகிதத்தைப் பாதியாக்கிவிடும்.

ΔF-க்கு, விற்கப்போகும் அதே மாத ஒப்பந்தத்தின் முடிவு விலை. மாதம் மாறும்போது கவனம் தேவை. முடியும் மாத ஒப்பந்தம் 190-இல் நிற்க, அடுத்த மாதம் 195-இல் இருந்தால், பட்டியலை ஒட்டவைத்தவுடன் 5 ரூபாய் ஏற்றம் ஒன்று முளைக்கும். சந்தை அசையவே இல்லை, ஒப்பந்தம்தான் மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே ஒப்பந்தத்துக்குள்ளேயே கழித்து எடுக்க வேண்டும்.

அலகும் ஒரு பொறி. ஒப்பந்த விலை 19,400 என்றால் அது 100 கிலோவுக்கு, கிலோவுக்கு 194. பேரேட்டு விலை கிலோவுக்கு. மாற்றாமல் போட்டால் விகிதம் 0.0068 என்று வந்து நிற்கும். இவ்வளவு சின்ன எண் வந்தால் பிழை உடனே தெரியும். தெரியாமல் போவது டன் கணக்கிலான அடுத்த படியில் நடக்கும் பிழைகள்தான்.

இன்னொன்று, மாற்றங்களை எடுக்க வேண்டும், விலைகளை அல்ல. ஓர் ஆண்டு முழுக்க இரண்டு விலையும் ஏறியிருந்தால், விலைக்கு விலை போட்ட கோடு மிக நன்றாகப் பொருந்தும், ஒட்டுறவு 0.95-க்கு மேல் வரும். அது சொல்வது இரண்டும் ஏறின என்பதை மட்டுமே. இரண்டு வாரத்தில் ஒன்று அசைந்தால் மற்றது எவ்வளவு அசையும் என்று அது சொல்வதில்லை.

நாள் கணக்கா, இரண்டு வாரக் கணக்கா

இங்கே சற்று நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துச் சரக்குக்கு மிகப் பெரிய பிழை இங்கேதான் வருகிறது.

உள்ளூர் விலை ஒரே நாளில் சரிசெய்துகொள்வதில்லை என்றோம். ஓர் எடுத்துக்காட்டு: ஒப்பந்த விலை இன்று 1 ரூபாய் ஏறினால், உள்ளூர் விலை இன்று 25 காசு, நாளை 25 காசு, மறுநாள் 20 காசு ஏறுகிறது என்று கொள்வோம். மூன்று நாளில் மொத்தம் 70 காசு. நாள் மாற்றங்களை வைத்துக் கணக்கிட்டால் ஒப்பந்தத்தின் இன்றைய அசைவோடு உள்ளூரின் இன்றைய அசைவு மட்டுமே ஒப்பிடப்படும், விகிதம் 0.25. மீதி 45 காசு அடுத்த வரிகளில் போய் உட்கார்ந்துவிடும். சந்தை நடக்கும் பத்து நாளை ஒன்றாக எடுத்தால், முதல் அடி 10 நாளிலும், இரண்டாம் அடி 9 நாளிலும், மூன்றாம் அடி 8 நாளிலும் உள்ளே வருகின்றன:

```
(10 × 0.25 + 9 × 0.25 + 8 × 0.20) / 10 = 0.635
```

48 டன்னுக்கு முதல் கணக்கு 12 ஒப்பந்தம் என்கிறது, இரண்டாவது 30 என்கிறது. ஒரே சந்தை, ஒரே விலைகள். சரக்கு இரண்டு வாரம் கையில் நிற்கப்போகிறது என்றால் இரண்டு வார மாற்றங்களைத்தான் எடுக்க வேண்டும். நாள் கணக்கில் 12 ஒப்பந்தம் விற்றவர், "ஹெட்ஜ் செய்தும் பாதிக்கு மேல் நஷ்டம் வந்தது" என்று பிறகு ஒப்பந்தத்தைக் குறை சொல்வார்.

இதற்கு ஒரு விலை உண்டு: ஓர் ஆண்டில் இரண்டு வாரத் துண்டுகள் 26தான். தினமும் ஒரு நாள் நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு வாரங்களாக எடுத்து வரிகளைப் பெருக்கலாம். வரிகள் கூடுமே தவிர, புதிய செய்தி அந்த அளவு கூடாது. கணினி காட்டும் பிழை அளவு பொய்யாகச் சுருங்கும்.

கணக்கு

கையால் போட்டுப் பார்க்கும்படி பத்துத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். எல்லாம் கிலோவுக்கு ரூபாய்.

| துண்டு | ΔF | ΔS | ΔF × ΔS | ΔF² |
|---|---|---|---|---|
| 1 | +6 | +3 | 18 | 36 |
| 2 | −4 | −1 | 4 | 16 |
| 3 | +3 | +4 | 12 | 9 |
| 4 | −7 | −6 | 42 | 49 |
| 5 | +5 | +1 | 5 | 25 |
| 6 | +1 | +3 | 3 | 1 |
| 7 | −2 | −3 | 6 | 4 |
| 8 | −5 | −3 | 15 | 25 |
| 9 | +4 | +4 | 16 | 16 |
| 10 | −1 | −2 | 2 | 1 |
| மொத்தம் | 0 | 0 | 123 | 182 |

இரண்டு வரிசையின் சராசரியும் பூஜ்யமாக அமைந்திருப்பதால் சராசரியைக் கழிக்கும் வேலை இல்லை. மற்ற நேரங்களில் விரிதாள் அதைத் தானே செய்துகொள்ளும். ΔS² மொத்தம் 110.

h = 123 / 182 = 0.676. ஒட்டுறவின் வர்க்கம் 123² / (182 × 110) = 0.756, ஒட்டுறவு 0.87. விரிதாளில், B-இல் ΔS-உம் C-இல் ΔF-உம் இருந்தால்:

```
=SLOPE(B2:B11, C2:C11)
=RSQ(B2:B11, C2:C11)
```

SLOPE-இல் சரக்கு முதலில், ஒப்பந்தம் இரண்டாவது. மாற்றிப் போட்டால் 123 / 110 = 1.118 வரும். "நம் சரக்கு ஒப்பந்தத்தைவிடக் கூடுதலாக ஆடுகிறதே" என்று நம்பி 54 ஒப்பந்தம் விற்றுவிடுவார்கள். சோதிக்க ஒரு வழி: SLOPE தந்த எண்ணை σF / σS-ஆல் பெருக்கினால் ஒட்டுறவு வர வேண்டும், அது 1-ஐத் தாண்டவே முடியாது. மாற்றிப் போட்ட 1.118-ஐ இங்கே பெருக்கினால் 1.44 வரும், பிழை அங்கேயே பிடிபடும்.

ஒப்பந்த எண்ணிக்கை: 0.676 × 48 / 1 = 32.4. ஆக, 32 ஒப்பந்தம் விற்க வேண்டும்.

சதவீத மாற்றங்களை வைத்து விகிதம் கண்டவர்கள் வேறு பெருக்கல் செய்ய வேண்டும். சரக்கு விலை கிலோ 176, ஒப்பந்தம் 194 என்றால், சதவீதச் சாய்வு ஏறத்தாழ 0.676 × 194 / 176 = 0.745. அதைச் சரக்கின் மொத்த மதிப்பை ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பால் வகுத்த எண்ணோடு பெருக்க வேண்டும்: 84,48,000 / 1,94,000 = 43.5. பெருக்கினால் அதே 32.4. சதவீதச் சாய்வை டன்னால் பெருக்கினால் 35.8 வரும். நம்பத் தகுந்த எண்ணாகவே தோன்றும், ஆனால் தவறு. ரூபாய்ச் சாய்வுக்கு டன், சதவீதச் சாய்வுக்கு மதிப்பு. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒப்பந்த லாப நஷ்டம் அன்றன்றே பணமாகத் தீர்வதால் வட்டிக்காக எண்ணிக்கையைச் சற்றுக் குறைக்கும் வழக்கமும் உண்டு. ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்றால் இரண்டு வாரத்துக்கு 0.35 சதவீதம், 32-இல் பத்தில் ஒரு பங்கு ஒப்பந்தம். இந்தக் காலத்துக்கு அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

32 எவ்வளவு உறுதி?

ஹெட்ஜ் இல்லாமல் இருந்தால் σS = √(110/9) = 3.50 ரூபாய். 48,000 கிலோவுக்கு ஒரு திட்ட விலக்கம் சுமார் 1,68,000 ரூபாய். σF = √(182/9) = 4.50. இவற்றை வைத்து, வெவ்வேறு எண்ணிக்கைக்கு மிஞ்சும் அபாயம்:

| விற்ற ஒப்பந்தம் | மிஞ்சும் திட்ட விலக்கம் (ரூ., சுமார்) |
|---|---|
| 0 | 1,68,000 |
| 25 | 89,400 |
| 30 | 83,700 |
| 32 | 83,000 |
| 40 | 89,600 |
| 48 | 1,08,500 |

இந்தப் பட்டியலில் இரண்டு செய்தி உண்டு. கிலோவுக்குக் கிலோ 48 விற்றவருக்கு, 32 விற்றவரைவிட 25,000 ரூபாய் அதிக அபாயம். அதற்கு 16 ஒப்பந்தத்தின் மார்ஜின் என்ற முன்பணமும் தரகும் வேறு கொடுத்திருக்கிறார். மற்றொன்று, 30-க்கும் 32-க்கும் வித்தியாசம் 700 ரூபாய் மட்டும். கிண்ணத்தின் அடி அவ்வளவு தட்டை. ஆகவே 32.4-ஐ 32-ஆக்குவதா 33-ஆக்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சந்தையில் 30 மட்டும் நல்ல விலைக்கு விற்க முடிந்து, மீதி இரண்டுக்கு விலையை இறக்கவேண்டி வந்தால் 30-இலேயே நிற்கலாம்.

விகிதமே அவ்வளவு துல்லியமானதும் அல்ல. பத்து வரியிலிருந்து வந்த 0.676 எவ்வளவு தள்ளிப் போயிருக்கக்கூடும் என்பதன் அளவான திட்டப் பிழை 0.136. ஒரு திட்டப் பிழை அளவுக்கு இரண்டு பக்கமும் போனால் 0.54 முதல் 0.81 வரை, அதாவது 26 முதல் 39 ஒப்பந்தம் வரை. நான்காம் வரியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தால் சாய்வு 0.60-ஆக இறங்கி, எண்ணிக்கை 29 ஆகிறது. ஒரே ஒரு வரி மூன்று ஒப்பந்தத்தை நகர்த்துகிறது. இதனால்தான் உண்மை வேலைக்குக் குறைந்தது 26 துண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டின் 52 துண்டு வேண்டும். பெரிய வரி ஒவ்வொன்றையும் நீக்கிப் பார்த்து விகிதம் எவ்வளவு ஆடுகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பின்னோக்கிப் போனால் எண்ணிக்கை கூடும், ஆனால் வாங்குபவர்கள் மாறியிருப்பார்கள், சரக்கின் தரம் மாறியிருக்கும். அந்தப் பழைய விகிதம் இந்தச் சரக்குடையது அல்ல.

இலையுதிர் காலத்தை ஒட்டிப் பால்வெட்டு நிறுத்தும் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தனியாகப் பார்ப்பது நல்லது. வரத்து குறைந்த நாளில் உள்ளூர் வியாபாரிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வாங்குவார்கள். ஒப்பந்த விலை இறங்கினாலும் இங்கே விலை பிடித்து நிற்கும். அந்த மாதங்களின் விகிதம் ஆண்டுச் சராசரியைவிடத் தாழ்ந்து வந்தால், அப்போது ஒப்பந்தத்தைக் குறைத்து விற்பதே பொருத்தம்.

இரண்டு முடிவுகள்

32 ஒப்பந்தம் 194-இல் விற்றாயிற்று, சரக்கு 176-இல் நிற்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தம் 186, சரக்கு 170. சரக்கில் நஷ்டம் 48,000 × 6 = 2,88,000. ஒப்பந்தத்தில் லாபம் 32,000 × 8 = 2,56,000. மொத்தத்தில் 32,000 நஷ்டம். ஹெட்ஜ் செய்யவேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

எதிர்ப்பக்கம்: ஒப்பந்தம் 10 ரூபாய் ஏறி 204, உள்ளூரில் டயர் கம்பெனிகள் வாங்காததால் சரக்கு 4 மட்டும் ஏறி 180. சரக்கில் லாபம் 1,92,000, ஒப்பந்தத்தில் நஷ்டம் 3,20,000, மொத்தம் 1,28,000 நஷ்டம். இது பிழையால் வந்ததல்ல. மிஞ்சும் அபாயம் 83,000 என்று முன்பே தெரியும். இது அதன் ஒன்றரை மடங்கு, ஆண்டுக்குச் சில முறை நடக்கக்கூடியது. விலை ஏறியும் நஷ்டம் வந்ததால் இதைப் பார்த்தவர் ஹெட்ஜையே கைவிடுவது வழக்கம். ஆனால் பார்க்கவேண்டியது ஒரு துண்டை அல்ல, பல துண்டுகளில் மிஞ்சிய தொகைகளின் பரவலை. அது 83,000 அருகே நின்றால் விகிதம் சரி. 1,20,000-க்குப் போயிருந்தால் தேதியையோ விலைப் பட்டியலையோ மீண்டும் சோதிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது முடிவில் நஷ்டத்தைவிடக் கடுமையானது பணத்தின் நேரம். 3,20,000 ரூபாய் அன்றன்றே தரகர் கணக்கிலிருந்து போய்விடும். சரக்கின் 1,92,000 லாபமோ லாரி போய் பணம் வரும்வரை காகிதத்தில்தான். மார்ஜின் 10 சதவீதம் என்று கொண்டால் 32 ஒப்பந்தத்துக்கு 6,20,800 ரூபாய். அதற்கு மேல், இரண்டு திட்ட விலக்கம் எதிராக அசைந்தால் தாங்க 9 × 32,000 = 2,88,000. ஆக சுமார் 9 லட்சம் தனியாக ஒதுக்காமல் 32 ஒப்பந்தம் விற்கக் கூடாது. மார்ஜின் சதவீதத்தைச் சந்தை மாற்றிக்கொண்டே இருக்கும். விற்கும் அன்று தரகரிடம் கேட்டுப் போட வேண்டிய எண் அது. பணம் கட்ட முடியாமல் நடுவில் தரகர் ஒப்பந்தத்தை முடித்துவிட்டால், ஏறிய விலையில் நஷ்டம் பதிந்துவிடும். பிறகு விலை இறங்கினால் சரக்கிலும் நஷ்டம். ஹெட்ஜ் இல்லாதவரைவிட மோசமான நிலை அதுதான்.

9 லட்சம் இல்லாதவர் என்ன செய்வது? ஒப்பந்த எண்ணிக்கையைக் குறைப்பதே நேர்மையான வழி. 25 ஒப்பந்தமும் அபாயத்தைப் பாதிக்கு அருகே கொண்டுவருகிறது என்று மேல் பட்டியல் காட்டுகிறது. தேவைப்படும் பணம் 7 லட்சம் சொச்சமாக இறங்குகிறது.

வெளியேறுவது

ஒப்பந்தம் சரக்கோடு சேர்ந்து வெளியேற வேண்டும். 48 டன் மூன்று லாரியாக, லாரிக்கு 16 டன் வீதம் போகிறது என்றால், விலை பேசி முடியும் ஒவ்வொரு முறையும் 16 × 0.676 = 10.8 ஒப்பந்தத்தைத் திரும்ப வாங்க வேண்டும்: 11, 11, 10. லாரி ஏறும் நாள் அல்ல, விலை முடிவாகும் நேரம்தான் கணக்கு. விலை காலையில் முடிந்து ஒப்பந்தத்தை மறுநாள் வாங்கினால், அந்த ஒரு நாள் 11 டன் வெறும் ஊக வணிகம்.

ரப்பர் ஒப்பந்தத்தில் நடக்கும் வணிகம் மெலிது. ஒரே மூச்சில் 11 ஒப்பந்தம் வாங்க உத்தரவு போட்டால் விலை நமக்கு எதிராக நகரும். விலை வரம்பு வைத்து, இரண்டு மூன்றாகப் பிரித்து வாங்க வேண்டும். விற்பதற்கு முன்பே அந்த மாத ஒப்பந்தத்தில் எத்தனை ஒப்பந்தம் நிலுவையில் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். நம் 32 அதில் பெரும் பங்காக இருந்தால், காகிதத்தில் கண்ட விகிதத்துக்கு அர்த்தம் குறைவு. வெளியேறும் செலவே மிஞ்சிய அபாயத்தைத் தாண்டிவிடும். அதே காரணத்தால், முடியும் தறுவாயில் உள்ள மாதத்தை எடுக்காமல், சரக்கு விற்கும் தேதிக்குப் பிறகும் சில வாரம் உயிரோடிருக்கும் மாதத்தில் விற்க வேண்டும். முடிவு நெருங்கினால் மார்ஜின் கூடும்; கடைசிவரை வைத்திருந்தால் ஆர்எஸ்எஸ் 4 ஷீட்டைப் பாலக்காட்டில் கொடுக்க வேண்டிய கட்டாயம் வரும். ஆர்எஸ்எஸ் 5 வைத்திருப்பவரால் அது முடியாது.

சந்தையே இல்லாமல் போகும் அபாயத்தை எந்த விகிதமும் ஈடுகட்டாது. 2008 மே மாதம் ரப்பர், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, சுத்திகரித்த சோயா எண்ணெய் ஆகியவற்றின் முன்பேர வணிகத்தை அரசு நிறுத்தியது. தடை அந்த ஆண்டு நவம்பர் இறுதிவரை நீண்டது. அப்படி ஒரு நாள் வந்தால் இருக்கும் ஒப்பந்தம் முடிக்கப்படும், புதிதாக விற்க வழி இருக்காது. அதன்பின் சரக்கின் அளவைக் குறைப்பதும், வாங்குபவரிடம் முன்கூட்டியே விலை பேசுவதும்தான் வழி. கணக்கின் தொடக்கத்தில் கழித்த அந்த 14 டன்னைப் போல இன்னும் 20 டன்னுக்கு விலை முடிந்தால், அபாயத்தில் நிற்பது 28 டன். வேண்டிய ஒப்பந்தம் 28 × 0.676 = 19.